ஸ்டேட்டிக் பப்ளிக் ஐபி கேட்டுக் கடிதம்: எந்த அறிகுறிக்கு எதைக் கேட்பது, கொடுத்த பிறகும் வேலை செய்யாவிட்டால் எங்கே பார்ப்பது

பிராட்பேண்ட் நிறுவனத்துக்கு "எங்களுக்கு ஸ்டேட்டிக் ஐபி வேண்டும்" என்று ஒரே வரியில் எழுதிப் போட்டால் பெரும்பாலும் காரியம் ஆவதில்லை. வாடிக்கையாளர் சேவையில் இருப்பவர் ரவுட்டரை ஒருமுறை அணைத்துப் போடச் சொல்வார். இல்லையென்றால் ஏதோ ஒரு முகவரியை உங்கள் கணக்கோடு மாறாமல் கட்டிவிட்டு டிக்கெட்டை மூடிவிடுவார். அந்த முகவரி 10 என்று தொடங்கும் பிரைவேட் ஐபியாகக்கூட இருக்கலாம். அதுவும் மாறாத முகவரிதான். ஆனால் வெளியிலிருந்து யாராலும் அதை எட்ட முடியாது.

இங்கே இரண்டு தனித்தனி விஷயங்கள் இருக்கின்றன. பப்ளிக் என்றால் இணையத்தின் எந்த மூலையிலிருந்தும் அந்த முகவரிக்கு வந்து சேரலாம். ஸ்டேட்டிக் என்றால் அது மாறாது. சிலருக்கு முதலாவது மட்டும் போதும், சிலருக்கு இரண்டாவது, சிலருக்கு இரண்டும் வேண்டும். கடிதம் எழுதும் முன் நமக்கு எது இல்லை என்று கண்டுபிடித்துவிட வேண்டும்.

ஒரு உதாரணத்தை வைத்துக்கொள்வோம். ஒரு சிறிய மொத்த விற்பனை நிறுவனம். அலுவலகத்தில் ஒரு பில்லிங் சர்வர் ஓடுகிறது. வெளியே சுற்றும் விற்பனைப் பணியாளர்கள் வயர்கார்ட் விபிஎன் வழியாக அதற்குள் வந்து ஸ்டாக் பார்க்க வேண்டும், ஆர்டர் போட வேண்டும். அதோடு, சரக்கு கொடுக்கும் பெரிய நிறுவனம் தன் ஆர்டர் சர்வரை, முன்கூட்டியே பதிவு செய்த ஐபியிலிருந்து வருபவர்களுக்கு மட்டுமே திறக்கிறது. முதல் வேலையில் வெளியிலிருந்து உள்ளே வர வேண்டும். இரண்டாவதில் உள்ளேயிருந்து வெளியே போக வேண்டும். இந்தத் திசை வேறுபாட்டைக் கடைசி வரை மறக்காதீர்கள்.

## அறிகுறி: அலுவலக வைஃபையில் வேலை செய்கிறது, வெளியிலிருந்து ஒருபோதும் வருவதில்லை

போர்ட் ஃபார்வர்டிங் சரியாகப் போட்டிருக்கிறீர்கள், சர்வரும் ஓடுகிறது. ஆனால் வைஃபையை அணைத்துவிட்டு மொபைல் டேட்டாவில் முயன்றால் எதுவும் திறப்பதில்லை. எத்தனை தடவை ரவுட்டரை மாற்றி அமைத்தாலும் இதே கதை என்றால், ரவுட்டரைத் தொடுவதை நிறுத்திவிட்டு இரண்டு முகவரிகளை ஒப்பிடுங்கள்.

முதலாவது, ரவுட்டரின் நிலைப் பக்கத்தில் `WAN` அல்லது `Internet` என்ற தலைப்புக்குக் கீழே இருக்கும் முகவரி. இரண்டாவது, வெளி உலகத்துக்கு நீங்கள் எந்த முகவரியாகத் தெரிகிறீர்கள் என்பது. அலுவலகக் கணினியில் விபிஎன் ஏதாவது ஓடினால் அதை நிறுத்திவிட்டு இதை ஓட்டுங்கள்:

```
curl -4 ifconfig.me
```

இரண்டும் ஒன்றாக இருந்தால் உங்களிடம் பப்ளிக் ஐபி இருக்கிறது. அடுத்த அறிகுறிக்குப் போகலாம். வேறு வேறாக இருந்தால், `WAN` முகவரி எப்படித் தொடங்குகிறது என்று பாருங்கள்.

அது 100.64 முதல் 100.127 வரையிலான வரம்பில் இருந்தால் ஐயமே வேண்டாம், சிஜி-நாட் தான். அதாவது நிறுவனம் ஒரே பப்ளிக் ஐபியைப் பல வாடிக்கையாளர்களுக்குப் பங்கிட்டுக் கொடுத்திருக்கிறது. இந்த வரம்பு 2012-ல் இதற்காகவே ஒதுக்கப்பட்டது. வெளியிலிருந்து வரும் இணைப்பு நிறுவனத்தின் நாட் கருவியோடு நின்றுவிடும். அது யாருக்கானது என்று அந்தக் கருவிக்குத் தெரியாது. உங்கள் ரவுட்டரில் எத்தனை போர்ட் திறந்து வைத்தாலும் அந்த இணைப்பு உங்கள் வாசலுக்கே வராது.

10 என்றோ, 192.168 என்றோ, 172.16 முதல் 172.31 வரையிலோ தொடங்கினால் அவசரப்பட்டு நிறுவனத்தைக் குறை சொல்லிவிடாதீர்கள். சில நிறுவனங்கள் சிஜி-நாட்டுக்கு இந்த முகவரிகளையும் பயன்படுத்துகின்றன, உண்மைதான். ஆனால் உங்கள் அலுவலகச் சுவரில் இருக்கும் ஃபைபர் பெட்டியே ஒரு ரவுட்டராக வேலை செய்து, உங்கள் ரவுட்டருக்கு ஒரு பிரைவேட் ஐபி கொடுத்துக்கொண்டிருக்கலாம். உங்கள் ரவுட்டரின் `WAN` பக்கத்தில் கேட்வே என்று காட்டும் முகவரியை பிரவுசரில் அடியுங்கள். ஃபைபர் பெட்டியின் லாகின் பக்கம் திறந்தால், அதற்குள் போய் அதன் `WAN` முகவரியைப் பாருங்கள். அதில் பப்ளிக் ஐபி இருந்தால் கடிதத்தில் கேட்க வேண்டியது புது முகவரி இல்லை. பெட்டியை பிரிட்ஜ் மோடில் போட்டுத் தாருங்கள் என்று கேட்டால் போதும்.

நம் உதாரண நிறுவனத்தில் `WAN` பக்கம் 100.72.18.6 என்று காட்டுகிறது. வெளியே தெரிவது 198.51.100.40. சிஜி-நாட் என்பது உறுதி. (இங்கே பப்ளிக் ஐபியாக நான் காட்டுபவை விளக்கங்களுக்கென்றே ஒதுக்கப்பட்டவை. உங்களுடையதை அந்த இடத்தில் போட்டுக்கொள்ளுங்கள்.)

ஒரு சின்ன எச்சரிக்கை. டிரேஸ்ரூட் ஓட்டி, நடுவில் 100.64 என்று ஒரு வரி வந்ததும் அதையே ஆதாரமாகக் கடிதத்தில் வைப்பவர்கள் உண்டு. நிறுவனங்கள் தங்கள் உள் ரவுட்டர்களுக்கும் அந்த முகவரிகளைப் போடுவதுண்டு, ஆகவே அது எதையும் நிரூபிக்காது. `WAN` முகவரியும் வெளியே தெரியும் முகவரியும் வேறு என்பதுதான் ஆதாரம்.

## அறிகுறி: நன்றாக ஓடிக்கொண்டிருந்தது, மின்சாரம் போய் வந்ததும் நின்றுவிட்டது

இரண்டு முகவரிகளும் ஒன்றாகவே இருக்கின்றன, ஆனால் போன வாரம் எழுதி வைத்தது இல்லை. இது பப்ளிக் ஐபிதான், அவ்வப்போது மாறுகிறது. சந்தேகமாக இருந்தால் சில நாட்களுக்குப் பதிவு செய்து பாருங்கள்:

```
while true; do date; curl -4 -s ifconfig.me; echo; sleep 600; done >> ip.log
```

உங்கள் தேவை வெளியிலிருந்து உள்ளே வருவது மட்டும் என்றால் இதற்குக் கடிதமே தேவையில்லை என்பது என் கருத்து. ரவுட்டரில் டைனமிக் டிஎன்எஸ் அமைத்துவிட்டு, பணியாளர்களின் விபிஎன் அமைப்பில் எண்ணுக்குப் பதிலாகப் பெயரைப் போடுங்கள். முகவரி மாறினாலும் பெயர் சில நிமிடங்களில் புது முகவரியைக் காட்டும். வயர்கார்டில் மட்டும் ஒன்றைக் கவனிக்க வேண்டும். பெயரை அது இணைப்பைத் தொடங்கும்போது ஒரு தடவை பார்த்துவிட்டு அதோடு விட்டுவிடும். முகவரி மாறிய பிறகு போனில் விபிஎன்னை ஒருமுறை அணைத்துப் போடச் சொல்ல வேண்டியிருக்கும்.

டைனமிக் டிஎன்எஸ் சிஜி-நாட்டுக்குப் பின்னால் உதவாது. அது பங்கிட்ட முகவரியையே அழகாகச் சுட்டிக்காட்டும், இணைப்பு அங்கேயே நின்றுபோகும்.

## அறிகுறி: எதிர்த் தரப்பின் சர்வர் உங்களை நிராகரிக்கிறது

நேற்று வரை திறந்த ஆர்டர் சர்வர் இன்று அனுமதி இல்லை என்கிறது. அவர்களைக் கேட்டால் "உங்கள் ஐபி எங்கள் பட்டியலில் இல்லை" என்கிறார்கள். இங்கே போர்ட் ஃபார்வர்டிங்குக்கு வேலையே இல்லை. நீங்கள் வெளியே போகும் முகவரி மாறக் கூடாது, அவ்வளவுதான். டைனமிக் டிஎன்எஸ் இதில் பயன்படாது, ஏனென்றால் அவர்கள் பட்டியலில் எண்ணைத்தான் வைத்திருக்கிறார்கள். சிஜி-நாட் முகவரியைப் பதிவு செய்வதும் தவறு. அதே முகவரியை உங்களுக்குத் தெரியாத எத்தனையோ பேர் பயன்படுத்துகிறார்கள், அவர்களுக்கும் அந்தக் கதவு திறந்துவிடும். இந்த ஒரு தேவைக்காகவே ஸ்டேட்டிக் பப்ளிக் ஐபி கேட்பது முழுக்க நியாயம்.

சொந்த மெயில் சர்வர் வைத்திருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. ஸ்டேட்டிக் ஐபி கிடைத்தாலும், அந்த முகவரிக்கான ரிவர்ஸ் டிஎன்எஸ் பதிவு இல்லாமல் உங்கள் மெயில்கள் ஸ்பேமுக்குப் போகும் அல்லது திரும்பி வரும். அந்தப் பதிவை நிறுவனம் வைக்க வேண்டும், அல்லது அதை நிர்வகிக்கும் உரிமையை உங்களுக்குத் தர வேண்டும். அதையும் 25-ஆம் போர்ட் திறந்திருக்கிறதா என்பதையும் கடிதத்திலேயே கேட்டுவிடுங்கள். மெயில் சர்வர் இல்லாதவர்கள் இதைக் கேட்க வேண்டாம், தேவையில்லாத கேள்வி பதிலைத் தாமதமாக்கும்.

## கடிதம்

முதலில் படிப்பவர் தொழில்நுட்பப் பிரிவைச் சேர்ந்தவராக இருக்க மாட்டார். அவர் இதை எந்தப் பிரிவுக்குத் தள்ளுவது என்று முதல் நான்கு வரிகளில் முடிவெடுக்க வேண்டும். அடுத்ததாகப் படிக்கும் பொறியாளர், உங்களைத் திரும்ப அழைக்காமலேயே வேலையை முடிக்க வேண்டும். இந்த இரண்டு பேரையும் மனதில் வைத்து நம் உதாரண நிறுவனம் எழுதுவது இப்படி இருக்கும்:

> பொருள்: இணைப்பு எண் (………) – ஒரு ஸ்டேட்டிக் பப்ளிக் ஐபிவி4 முகவரி வேண்டுதல்
>
> மதிப்பிற்குரிய வாடிக்கையாளர் சேவைப் பிரிவினருக்கு,
>
> வணக்கம். மேற்கண்ட எண்ணில் எங்கள் அலுவலகத்துக்கு உங்கள் ஃபைபர் இணைப்பு உள்ளது. எங்கள் ரவுட்டரின் WAN முகவரி 100.72.18.6. அதே நேரத்தில் வெளியே தெரியும் முகவரி 198.51.100.40. ஆகவே இணைப்பு சிஜி-நாட் வழியாக வருவதாகத் தெரிகிறது. பார்த்த நாள், நேரம்: (………).
>
> இந்த இணைப்பை இரண்டு வேலைகளுக்குப் பயன்படுத்த வேண்டியுள்ளது. எங்கள் பணியாளர்கள் வெளியிலிருந்து அலுவலக விபிஎன்னுக்கு யூடிபி 51820 போர்ட்டில் வர வேண்டும். எங்களுக்குச் சரக்கு வழங்கும் நிறுவனத்தின் சர்வர், பதிவு செய்த ஒரே ஐபியிலிருந்து வரும் இணைப்பை மட்டும் ஏற்கிறது.
>
> எனவே, சிஜி-நாட் இல்லாமல் எங்கள் ரவுட்டரின் WAN பக்கத்திலேயே வந்து சேரும், மாறாத ஒரு பப்ளிக் ஐபிவி4 முகவரி தருமாறு கேட்டுக்கொள்கிறோம். அதோடு கீழ்க்கண்டவற்றையும் எழுத்தில் தெரிவிக்க வேண்டுகிறோம்.
>
> முகவரி பிபிபிஓஇ வழியாகத் தானாக வருமா, டிஎச்சிபி வழியா, அல்லது நாங்களே பதிய வேண்டுமா? பதிய வேண்டும் என்றால் முகவரி, சப்நெட் மாஸ்க், கேட்வே, டிஎன்எஸ் விவரங்கள்.
>
> உங்கள் ஃபைபர் பெட்டி பிரிட்ஜ் மோடில் இருக்குமா?
>
> உள்ளே வரும் இணைப்புகளில் நீங்கள் தடுத்து வைத்திருக்கும் போர்ட்கள் எவை?
>
> முகவரி எங்கள் ரவுட்டரின் மேக் முகவரியோடு கட்டப்படுமா?
>
> மாதக் கட்டணம், தொடக்கக் கட்டணம், திட்டம் மாற வேண்டுமா என்ற விவரம். பின்னாளில் முகவரியை மாற்ற நேர்ந்தால் எத்தனை நாள் முன்பு தெரிவிப்பீர்கள்?
>
> மாற்றம் செய்யும்போது இணைப்பு துண்டிக்கப்படும் என்றால் அலுவலக நேரத்துக்குப் பிறகு செய்ய வேண்டுகிறோம். தொழில்நுட்பத் தொடர்புக்கு: (பெயர், எண்).
>
> இப்படிக்கு,
> (பெயர், பொறுப்பு)

"ரவுட்டரின் WAN பக்கத்திலேயே வந்து சேரும்" என்ற தொடரை எடுத்துவிடாதீர்கள். கட்டிக் கொடுத்தது பிரைவேட் ஐபி என்றாலோ, ஃபைபர் பெட்டியோடு நின்றுவிட்டது என்றாலோ, கேட்டது கிடைக்கவில்லை என்று நீங்கள் சுட்டிக்காட்ட அந்த ஒரு தொடர் போதும். வேகம் குறைவு, பில்லில் தவறு போன்ற பழைய புகார்களை இதே கடிதத்தில் சேர்க்காதீர்கள். டிக்கெட் அந்தப் புகாருக்கான பிரிவுக்குப் போய், அது தீர்ந்ததும் மூடப்பட்டுவிடும்.

வீட்டு இணைப்புத் திட்டத்தில் இருந்தால், வணிகத் திட்டத்துக்கு மாறினால்தான் தருவோம் என்று பதில் வரலாம். அது தட்டிக்கழிப்பது ஆகாது. ஐபிவி4-ன் பொதுக் கையிருப்பிலிருந்த கடைசித் தொகுதிகள் 2011 பிப்ரவரியிலேயே பிரித்துக் கொடுக்கப்பட்டுவிட்டன. இருப்பதை வைத்துத்தான் எல்லா நிறுவனங்களும் ஓட்டுகின்றன. தரவே முடியாது என்றால், பப்ளிக் ஐபி உள்ள ஒரு வாடகை சர்வரை எடுத்து, அலுவலகத்திலிருந்து அதற்கு விபிஎன் போட்டு, உள்ளே வருவதையும் வெளியே போவதையும் அதன் வழியாக அனுப்பலாம். நம் உதாரணத்தின் இரண்டு தேவைகளும் அதில் நிறைவேறும்.

## அறிகுறி: கொடுத்துவிட்டோம் என்கிறார்கள், WAN பக்கம் பழையதையே காட்டுகிறது

பிபிபிஓஇ இணைப்பில் முகவரி லாகின் ஆகும் நேரத்தில்தான் வழங்கப்படும். அவர்கள் கணக்கில் மாற்றிவிட்டாலும், ஓடிக்கொண்டிருக்கும் இணைப்பு பழைய முகவரியிலேயே தொடரும். `WAN` இணைப்பைத் துண்டித்து, சில நிமிடங்கள் விட்டு மறுபடி இணையுங்கள். அப்போதும் 100.72 என்றே வந்தால் அந்தப் பக்கத்தைப் படம் எடுத்து, நேரத்தோடு அதே டிக்கெட்டில் பதிலாக அனுப்புங்கள். புது டிக்கெட் போட்டால் முதல் கடிதத்தில் எழுதிய அத்தனையையும் மறுபடி சொல்ல வேண்டிவரும்.

## அறிகுறி: WAN பக்கம் சரி, வெளியிலிருந்து இன்னும் திறப்பதில்லை

புது முகவரி 203.0.113.25 என்று வைத்துக்கொள்வோம். இனி குறை நம் பக்கமா அவர்கள் பக்கமா என்று பிரிக்க வேண்டும். அதற்கு, பாக்கெட் ரவுட்டர் வரை வருகிறதா என்று பார்ப்பதை விட நல்ல வழி இல்லை. ஓப்பன்டபிள்யூஆர்டி போன்ற ரவுட்டராக இருந்து, அதில் டிசிபிடம்ப் நிறுவியிருந்தால், உள்ளே போய் இதை ஓட்டுங்கள்:

```
tcpdump -ni pppoe-wan udp port 51820
```

அது ஓடிக்கொண்டிருக்கும்போது, மொபைல் டேட்டாவில் உள்ள போனிலிருந்து விபிஎன்னைத் தட்டுங்கள். திரையில் வரிகள் ஓடினால் நிறுவனம் தன் வேலையைச் செய்துவிட்டது. உங்கள் ஃபயர்வால் விதியையோ, விபிஎன் சாவிகளையோ பாருங்கள். போர்ட் ஃபார்வர்டிங் வழியாகச் செல்கிறது என்றால், சர்வரின் கேட்வே இந்த ரவுட்டரைத்தான் காட்டுகிறதா என்றும் பாருங்கள். பதிலை எந்த வழியாக அனுப்புவது என்று சர்வருக்கே தெரியாமல் இருப்பது அடிக்கடி நடப்பது. ஒரு வரிகூட வரவில்லை என்றால், பாதையில் எங்கோ தடை இருக்கிறது. போனில் தட்டிய நேரமும் இந்த வெறும் திரையின் படமும்தான் அடுத்த கடிதத்துக்கான ஆதாரம்.

வயர்கார்டைச் சோதிக்கப் போர்ட் சோதனைத் தளங்களை நம்பாதீர்கள். சரியான சாவி இல்லாமல் வரும் எதற்கும் அது பதிலே சொல்லாது, ஆகவே திறந்திருக்கும் போர்ட்டையும் அந்தத் தளங்கள் மூடியதாகவே காட்டும். டிசிபி போர்ட் என்றால் வெளியே இருக்கும் கணினியிலிருந்து சோதிக்கலாம்:

```
nc -vz 203.0.113.25 8443
```

இதற்கு `Connection refused` என்று உடனே பதில் வந்தால் பெரும்பாலும் பாதை திறந்திருக்கிறது, அந்தப் போர்ட்டில் எதுவும் ஓடவில்லை. வெகுநேரம் நின்று `timed out` என்று வந்தால்தான் தடையைத் தேட வேண்டும்.

வெளியிலிருந்து சரியாக வருகிறது, ஆனால் அலுவலகத்துக்குள் இருந்து 203.0.113.25 என்று அடித்தால் மட்டும் திறக்கவில்லை என்றால் நிறுவனத்துக்கு எழுதாதீர்கள். ரவுட்டர் தன் சொந்த வெளி முகவரிக்குப் போகும் பாக்கெட்டை உள்ளே திருப்பிவிடத் தெரியாமல் இருக்கிறது. ரவுட்டரில் நாட் லூப்பேக் வசதி இருந்தால் அதைப் போடுங்கள். இல்லையென்றால் உள்ளே இருப்பவர்கள் சர்வரின் உள் முகவரியையே பயன்படுத்தட்டும்.

## அறிகுறி: புது முகவரியைப் பதிவு செய்தும் எதிர்த் தரப்பு நிராகரிக்கிறது

ஆர்டர் போடும் அதே கணினியில் இந்த இரண்டையும் ஓட்டுங்கள்:

```
curl -4 ifconfig.me
curl -6 ifconfig.me
```

முதலாவது 203.0.113.25 என்று காட்டி, இரண்டாவதும் ஒரு நீண்ட முகவரியைக் காட்டினால், உங்கள் கணினி எதிர்த் தரப்பின் சர்வருக்கு ஐபிவி6-ல் போய்க்கொண்டிருக்கலாம். அவர்கள் பட்டியலில் ஐபிவி4 மட்டுமே இருக்கும். அந்தக் கணினியில் ஐபிவி6-ஐ அணைத்துச் சோதித்துப் பாருங்கள். வேலை செய்தால், உங்கள் ஐபிவி6 பிரிஃபிக்ஸும் மாறாததா என்று நிறுவனத்திடம் கேட்டு அதையும் பதிவு செய்யலாம்.

முதலாவதே வேறு முகவரியைக் காட்டினால் காரணம் வேறு. மாற்று இணைப்பு ஒன்று வைத்திருந்தால் போக்குவரத்து அதன் வழியாகப் போகிறதா என்று பாருங்கள். ஒரு முகவரிக்குப் பதிலாகச் சிறு தொகுதியாக நான்கு, எட்டு முகவரிகள் தனியாக ரூட் செய்து கொடுத்திருந்தால், ரவுட்டர் வழக்கம்போலத் தன் `WAN` முகவரியிலிருந்துதான் வெளியே போகும். தொகுதியில் உள்ள முகவரியிலிருந்து போக வேண்டும் என்றால் சோர்ஸ் நாட் விதி ஒன்றை நீங்களே எழுத வேண்டும்.

## அறிகுறி: ரவுட்டரை மாற்றிய அன்றே எல்லாம் நின்றது

முகவரியைப் பழைய ரவுட்டரின் மேக் முகவரியோடு கட்டியிருக்கிறார்கள். புது ரவுட்டரின் மேக்கை நிறுவனத்துக்கு எழுதி மாற்றச் சொல்ல வேண்டும், அதற்கு நேரம் பிடிக்கும். அதுவரைக்கும் புது ரவுட்டரின் `WAN` அமைப்பில் பழைய மேக்கைப் பதிந்து ஓட்டலாம். பெரும்பாலான ரவுட்டர்களில் `MAC Clone` என்ற பெயரில் இது இருக்கும். ரவுட்டரின் அடியில் ஒட்டிய லேபிளில் இருப்பது சில நேரம் உள் பக்கத்தின் மேக்காக இருக்கும், `WAN` மேக் கடைசி எண்ணில் மாறும். அதனால் பழைய ரவுட்டர் உயிரோடு இருக்கும்போதே, அதன் நிலைப் பக்கத்தில் `WAN` தலைப்புக்குக் கீழே இருக்கும் மேக்கை எடுத்து, நிறுவனம் அனுப்பிய பதில் கடிதத்தோடு சேர்த்து வைத்துவிடுங்கள்.